டிக்கெட் கூடியது கொஞ்சம்தான், காத்திருப்பு மட்டும் ஏன் இப்படி ஏறியது? உங்கள் டீம் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டேட்டாபேஸ்_கோவை

எங்கள் டேட்டாபேஸ் டீமில் இரண்டே பேர். பில்லிங் டிக்கெட் எல்லாம் எனக்கு, மற்றதெல்லாம் கூட இருப்பவருக்கு. புது டேபிள், பர்மிஷன், மெதுவாக ஓடும் க்வெரி என்று வரும். சிலது பத்து நிமிஷத்தில் முடியும், சிலது அரை நாளை விழுங்கும். சராசரி ஒரு மணி நேரம்.

போன வருஷம் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு, ஆறரை டிக்கெட் வந்தது. காலையில் போட்டால் மத்தியானம் கையில் எடுத்துவிடுவோம். இப்போது ஏழரைக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. எட்டு மணி நேர வேலையில் இன்னும் இடம் இருக்கிறது, ஆனால் டிக்கெட்டைத் தொடவே இரண்டு மூன்று நாள் ஆகிறது. "ஒரு டிக்கெட்தானே கூடியிருக்கு, நீங்க ஸ்லோ ஆயிட்டீங்க" என்கிறார் மேனேஜர். ஒரு டிக்கெட்டுக்கு ஆகும் நேரத்தை எடுத்துப் பார்த்தேன், மாறவே இல்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

சரவெடி_டெவ்

ப்ரோ, எட்டு மணி நேரம் இருக்கு, ஏழரை மணி நேர வேலை வருது. எட்டைத் தாண்டினாத்தானே க்யூ நிக்கணும்? எங்கயோ நேரம் லீக் ஆகுது. மீட்டிங், ஃபோன் எல்லாத்தையும் ஒரு வாரம் எழுதி வெச்சுப் பாருங்க.

ராஜி_ஷிஃப்ட்பிளானிங்

சரவெடி தம்பி சொல்வது ஒரே ஒரு நிலைமையில் சரி. 63 நிமிஷத்துக்கு ஒரு டிக்கெட் கடிகாரம் மாதிரி வந்து, ஒவ்வொன்றும் சரியாக 60 நிமிஷம் எடுத்தால் யாருமே காத்திருக்க வேண்டாம். ஆனால் டிக்கெட் அப்படி வராது. காலையில் நாலு சேர்ந்தாற்போல வரும், அப்புறம் இரண்டு மணி நேரம் ஒன்றுமே வராது.

கால் சென்டரில் எந்த ஷிஃப்டுக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போடுவதுதான் பல வருஷமாக என் வேலை. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த எர்லாங் 1909-லேயே இந்த வகைக் கணக்கை எழுதிவிட்டார். நாங்கள் இன்றும் அவர் பெயரில் உள்ள சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகிறோம்.

உங்கள் மாதிரி ஒருவரே பார்க்கும் க்யூவுக்குச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. வேலையாக இருக்கும் பங்கை, சும்மா இருக்கும் பங்கால் வகுங்கள். ஒரு டிக்கெட்டுக்கு ஆகும் நேரத்தைப் போல அத்தனை மடங்கு சராசரியாகக் காத்திருக்க வேண்டிவரும். நாளைக்கு 6.4 டிக்கெட் என்றால் 80 சதவீதம் வேலை, 20 சதவீதம் சும்மா. 80-ஐ 20-ஆல் வகுத்தால் 4, அதாவது நாலு மணி நேரம், அரை நாள். 7.2 வந்தால் 90 சதவீதம், ஒன்பது மணி நேரம். 7.6 வந்தால் 95 சதவீதம், பத்தொன்பது மணி நேரம். உங்கள் எட்டு மணி நேர நாளில் இரண்டேகால் நாளுக்கு மேல். நீங்கள் சொன்னதும் இதேதான். யாரும் ஸ்லோ ஆகவில்லை.

மேனேஜர் வகுபடும் எண்ணை மட்டும் பார்க்கிறார். அது 80-லிருந்து 95 ஆனது. வகுக்கும் எண் 20-லிருந்து 5 ஆகிவிட்டது, நாலில் ஒரு பங்கு. அடி விழுந்தது அங்கேதான்.

சரவெடி_டெவ்

கணக்கு புரியுது அக்கா, காரணம் புரியல. சும்மா இருக்கிற நேரம் குறைஞ்சா க்யூ ஏன் இப்படி நீளணும்?

ராஜி_ஷிஃப்ட்பிளானிங்

டிக்கெட் வராத அந்த இரண்டு மணி நேரத்தைச் சேமித்து வைத்து, நாலு சேர்ந்து வரும்போது செலவழிக்க முடியாது, அது போனது போனதுதான். ஆனால் சேர்ந்து வந்த நாலும் க்யூவில் அப்படியே நிற்கும். அதைக் கரைக்க உங்களிடம் இருப்பது மிச்ச நேரம் மட்டும்தான்.

கோவை சார் ஒரு நாள் லீவு போடுகிறார் என்று வையுங்கள். ஏறக்குறைய 7.6 மணி நேர வேலை சேர்ந்துவிடும். 80 சதவீதத்தில் ஓடியபோது தினமும் 1.6 மணி நேரம் மிச்சம் இருந்தது, ஒரு வாரத்தில் கரைந்திருக்கும். இப்போது மிச்சம் 0.4 மணி நேரம்தான். கரைய 19 வேலை நாள், கிட்டத்தட்ட ஒரு மாசம். அதற்குள் இன்னொரு லீவோ, அரை நாள் விழுங்கும் க்வெரியோ வந்துவிடும். அதனால்தான் அந்த க்யூ காலியாகவே பார்க்க முடிவதில்லை.

லேப்_மதுரை

எங்க லேப்லயும் இதே கதைதாங்க. காலைல வெறும் வயித்துல சுகர் பாக்க வர்றவங்க எல்லாரும் ஏழுலேருந்து ஒன்பதுக்குள்ள வந்துடுவாங்க. அந்த நேரம் வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். மத்தியானம் ஈ ஓட்டுவோம். அப்போ எங்களுக்கும் இந்த 95 சதவீதப் பிரச்சினைதானா?

ராஜி_ஷிஃப்ட்பிளானிங்

உங்களுடையது வேறு மாதிரிங்க. கூட்டம் எப்போது வரும் என்று முன்னாடியே தெரிகிறதே. ஏழு மணி ஷிஃப்டுக்கு ரத்தம் எடுக்க இன்னொருவரை மாற்றிப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கோவை சாருக்கு எந்த மணி நேரத்தில் நாலு டிக்கெட் விழும் என்று யாருக்கும் தெரியாது.

டேட்டாபேஸ்_கோவை

நன்றி மேடம். மேனேஜர் இப்போது "அர்ஜெண்ட்" என்று ஒரு டேக் போட்டிருக்கிறார், அது முதலில் போகணுமாம். தவிர, நாள் கடந்த டிக்கெட்டுக்கெல்லாம் "என்ன ஆச்சு?" என்று மெயில் வருகிறது, பதில் எழுதவே நேரம் போகிறது.

ராஜி_ஷிஃப்ட்பிளானிங்

எந்த டிக்கெட் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்க்காமல் டேக் போட்டால் மொத்தக் காத்திருப்பு குறையாது. முன்னால் போனவர் மிச்சப்படுத்திய நேரத்தைப் பின்னால் தள்ளப்பட்டவர் கொடுக்கிறார், அவ்வளவுதான். அந்த மெயில்கள் இன்னும் மோசம். நாளைக்கு பன்னிரண்டு நிமிஷம் அதில் போனால் உங்கள் 24 நிமிஷ மிச்சம் பாதியாகிவிடும், காத்திருப்பு இரண்டு மடங்கைத் தாண்டும்.

நான் முதலில் கேட்கும் கேள்வி, ஏன் இரண்டு பேருக்கு இரண்டு க்யூ? ஒரே க்யூ வைத்து, யார் கை காலியோ அவர் அடுத்ததை எடுத்தால், அதே 95 சதவீதத்தில் பத்தொன்பது மணி நேரம் ஒன்பதேகால் மணி நேரமாக இறங்கும். இப்போது ஒருவர் க்யூவில் ஆறு டிக்கெட் நிற்கும்போதே இன்னொருவர் சும்மா உட்கார்ந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. பொது க்யூவில் அது நடக்காது.

டேட்டாபேஸ்_கோவை

பில்லிங் டேட்டாவைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. ஆடிட் விதி. ஆனால் அவருடைய டிக்கெட்டை நான் எடுக்கலாம்.

ராஜி_ஷிஃப்ட்பிளானிங்

ஒருபக்கம் திறந்தாலும் பலன் இருக்கும். எவ்வளவு என்பதற்கு இந்தச் சுலபக் கணக்கு போதாது. உங்கள் டிக்கெட் தேதிகளை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

டெலிவரி_மேனேஜர்

மேனேஜர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. 80 சதவீதம் போதும் என்று மேலே போய்ச் சொன்னால், "அப்ப அஞ்சு பேர்ல ஒருத்தரை எடுத்துடலாமா?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி வந்திருக்கிறது. எத்தனை சதவீதம் சரி என்று ஒரு எண் சொல்லுங்களேன்.

ராஜி_ஷிஃப்ட்பிளானிங்

எல்லா டீமுக்கும் பொருந்தும் எண் கிடையாது சார். ஐம்பது பேர் ஒரே க்யூவை எடுக்கும் கால் சென்டரை 90-ல் தாராளமாக ஓட்டியிருக்கிறோம். ஒற்றை ஆளுக்கு 90 என்றால் ஒன்பது மடங்கு. சதவீதத்தை மேலே கொண்டுபோகாதீர்கள். டிக்கெட் வந்த நேரத்துக்கும் முதலில் கைவைத்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை வாரவாரியாக எடுத்துப் போங்கள். எத்தனை நாள் காத்திருப்பு பரவாயில்லை என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். சதவீதம் அதிலிருந்து வரும்.

டெலிவரி_மேனேஜர்

"காத்திருப்பு ஒரு நாள், லோடு நூறு சதவீதம், ரெண்டும் வேணும்" என்பார்கள். அதற்கு யாராவது பதில் சொல்லி ஜெயித்திருக்கிறீர்களா?

சரவெடி_டெவ்

எங்க டீம்ல இன்னும் இல்ல சார். ஆனா எங்க பில்ட் சர்வரை 70 சதவீதத்தைத் தாண்ட விடமாட்டாங்க, தாண்டினா உடனே இன்னொரு மெஷின் வாங்கிடுவாங்க. அதே கணக்கை ஆளுக்குன்னு கேட்டா ஏன் ஒத்துக்க மாட்டேங்கறாங்கன்னுதான் புரியல.