டெலோமியர் நீளம் பார்த்து வயதைச் சொல்ல முடியுமா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு 64 வயது. முழு உடல் பரிசோதனைக்குப் போன இடத்தில், டெலோமியர் நீளம் பார்த்தால் உடம்பின் உண்மையான வயது தெரிந்துவிடும் என்று சொல்லித் தனியாகப் பணம் கேட்கிறார்கள். டெலோமியர் குறைவதால்தான் வயதாகிறதா? இந்தப் பரிசோதனையை எடுக்கலாமா?

கரிசல்காடு:
தாராளமாக எடுங்கள். கோரைப்பாயின் ஓரத்தில் துணி வைத்துத் தைத்திருப்பார்கள் இல்லையா, அந்தத் துணி போனால் பாய் பிரியத் தொடங்கிவிடும். குரோமோசோமின் இரண்டு முனையிலும் அப்படி ஒரு ஓரம் இருக்கிறது, அதுதான் டெலோமியர். அதில் TTAGGG என்ற ஆறு டிஎன்ஏ எழுத்து ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும். செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் இதில் கொஞ்சம் தேய்கிறது. ரொம்பத் தேய்ந்ததும் செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். 1998-ல் மனிதச் செல்லுக்குள் டெலோமரேஸ் என்ற நொதி வேலை செய்யும்படி வைத்தார்கள், ஓரம் தேயவில்லை, செல்லும் நிற்காமல் பிரிந்துகொண்டே போனது. 2009 நோபல் பரிசே இந்தத் துறைக்குத்தான். இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

செல்வளர்ப்பு:
பதினோரு வருடமாக ஆய்வகத்தில் செல் வளர்க்கிறேன். கரிசல்காடு சொன்னதில் செல்லைப் பற்றிய பகுதி சரி. அதிலிருந்து முழு உடம்புக்குத் தாவியது சரியில்லை.

செல்லுக்குள் ஒரு எண்ணிக்கை ஓடுகிறது என்று முதலில் காட்டியவர்கள் பிலடெல்பியாவில் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும், 1961-ல். அதுவரை செல்லுக்குச் சாவே கிடையாது, வளர்ப்பில் செத்தால் வளர்த்தவர் கையில்தான் கோளாறு என்று நம்பினார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், நாற்பது முறை இரட்டித்த ஆண் செல்லையும், பத்து முறை மட்டும் இரட்டித்த பெண் செல்லையும் ஒரே பாத்திரத்தில் கலந்து வளர்த்தார்கள். ஊட்டத்திலோ கிருமியிலோ கோளாறு என்றால் இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டும். தனியாக வளர்த்த ஆண் செல் நின்றுபோன நேரத்தில் கலப்புப் பாத்திரத்தைச் சோதித்தால், அதில் இருந்தது பெண் செல் மட்டும்தான். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, அவ்வளவு எளிமை.

சரி, இப்போது எலிக்கு வாருங்கள். ஆய்வக எலியின் டெலோமியர் நம்முடையதைப் போலப் பல மடங்கு நீளம். டெலோமரேஸும் அதன் உடம்பில் பல இடங்களில் வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் கிழடாகிச் செத்துவிடுகிறது. அந்த எலியின் செல்லை வழக்கமான முறையில், அதாவது வெளிக்காற்றில் உள்ள 20 சதவீத ஆக்ஸிஜனில் வளர்த்தால் சில முறை பிரிந்து நின்றுவிடும். அப்போதும் அதன் டெலோமியர் நீளமாகத்தான் இருக்கும். அதே செல்லை 3 சதவீத ஆக்ஸிஜனில் வளர்த்துப் பார்த்தார்கள், உடம்புக்குள் இருப்பது கிட்டத்தட்ட அந்த அளவுதான். நிற்காமல் பிரிந்தது. ஆக, அதை நிறுத்தியது ஆக்ஸிஜனால் டிஎன்ஏவில் சேர்ந்த சேதம். மனிதச் செல்லுக்குக் குறைந்த ஆக்ஸிஜன் கொடுத்தால் இன்னும் சில முறை பிரியும், ஆனாலும் கடைசியில் நிற்கும்.

மீனாட்சி அக்கா:
அப்படியானால் ஆக்ஸிஜன்தான் எதிரி. நான் நாலு வருடமாக வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரை போடுகிறேன், முகத்தில் சுருக்கமே இல்லை. தம்பி, அப்பாவுக்கும் அதையே வாங்கிக் கொடுங்கள்.

செல்வளர்ப்பு:
அக்கா, 1956-லேயே ஹார்மன் என்பவர் நீங்கள் நினைப்பது போலத்தான் நினைத்தார். பிறகு பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்குமேல் வைத்து இந்த இரண்டு மாத்திரையையும் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். வைட்டமின் ஈ அதைக் குறைக்கவில்லை. வைகைக்கரையின் அப்பா புகைபிடிப்பவரா என்று நமக்குத் தெரியாது, தயவுசெய்து இங்கிருந்து மாத்திரை சொல்ல வேண்டாம்.

கரிசல்காடு:
எலி வேறு, மனிதன் வேறு. டெலோமியர் பிறவியிலேயே குட்டையாக இருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இளம் வயதிலேயே நரை, எலும்பு மஜ்ஜை வறண்டு போவது, நுரையீரல் இறுகிப் போவது எல்லாம் அவர்களுக்கு வரும். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

செல்வளர்ப்பு:
நல்ல கேள்வி, இதில் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. ஓரம் அளவுக்கு மீறித் தேய்ந்தால் மனிதனுக்கும் கேடு என்பது உறுதி. ஆனால் முதலில் அடிவாங்கும் மஜ்ஜையைப் பாருங்கள், ஓயாமல் செல் பிரிந்துகொண்டே இருக்கும் இடம் அது. மூளையின் நரம்புச் செல் பெரும்பாலும் நம் ஆயுள் முழுக்கப் பிரிவதே இல்லை, அதற்கும்தான் வயதாகிறது. அங்கே பிரிந்து தேய்வதைக் காரணம் சொல்ல முடியாது.

இன்னொன்று, நின்றுபோன செல் சும்மா இருப்பதில்லை. சாகவும் செய்யாது. தட்டில் அகன்று பரந்து, பொரித்த முட்டை மாதிரி தட்டையாகக் கிடக்கும், நுண்ணோக்கியில் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அங்கிருந்தே அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கக்கும், பக்கத்துச் செல்லும் கெடும். டெலோமியர் தேய்ந்து நின்றாலும் சரி, ஆக்ஸிஜன் சேதத்தால் நின்றாலும் சரி, வந்து சேரும் நிலை இதுதான். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் நின்றுபோன செல்லுக்கு அடையாளமான p16 என்ற மரபணு வேலை செய்யும் செல்களை மட்டும் நடுவயது எலிகளில் இருந்து நீக்கிக்கொண்டே வந்தார்கள். 2016-ல் வெளிவந்த முடிவில் அந்த எலிகளின் சராசரி ஆயுள் ஏறத்தாழ கால் பங்கு கூடியிருந்தது.

கரிசல்காடு:
அப்போது இந்த நின்றுபோன செல்தான் முதல் காரணமா?

செல்வளர்ப்பு:
அப்படிச் சொல்ல நான் தயாராக இல்லை. அதே எலிகளுக்குக் காயம் ஆறத் தாமதமானது. காயத்தை மூட அந்தச் செல்லும் தேவைப்படுகிறது.

ஊர்சுற்றி:
நீங்கள் எல்லாரும் எதற்குச் சண்டை போடுகிறீர்கள் என்று தெரியவில்லை, பரிசோதனை அருமையாக வேலை செய்கிறது. எனக்கு 52. போன வருடம் எடுத்தபோது உடம்பின் வயது 61 என்று வந்தது. தினமும் நடக்க ஆரம்பித்தேன், இந்த வருடம் 49!

செல்வளர்ப்பு:
நடையை விடாதீர்கள், அது நல்லது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ரத்த வெள்ளையணுவில் டெலோமியர் வருடத்துக்கு இருபது முப்பது எழுத்துதான் குறைகிறது, 25 என்று வைத்துக்கொள்வோம். மொத்த நீளம் 7,000 என்றால், அளப்பதில் 5 சதவீதம் பிசகினாலே 350 எழுத்து. அதாவது 14 வருடம். உங்களுக்கு இறங்கியதோ 12. ஒரே ரத்தத்தை ஒரே நாளில் இரண்டு முறை அனுப்பியிருந்தாலும் இந்த வித்தியாசம் வந்திருக்கலாம்.

அதோடு, ஒரே வயதுக்காரர்களுக்குள் ஆயிரக்கணக்கான எழுத்து வித்தியாசம் பிறவியிலேயே உண்டு. மஜ்ஜை நோய் சந்தேகம் இருந்தால் மருத்துவர் வேறு முறையில் இதை அளக்கச் சொல்வார், அங்கே இது பயன்படும்.

ஊர்சுற்றி:
அப்படியும் 12 வருடம் இறங்கியது வெறும் பிசகு என்று என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த மாதம் இரண்டு குழாயில் ரத்தம் கொடுத்து, வேறு வேறு பெயரில் அனுப்பிப் பார்க்கிறேன்.

வைகைக்கரை:
அப்பாவிடம் இந்த 350-ஐ வகுத்துக் காட்டினேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊர்சுற்றி, உங்கள் இரண்டு குழாயின் முடிவையும் இங்கேயே போடுங்கள்.