புதுப்பிப்பு: சிங்கப்பூரில் வேலையை விட்டதும் கம்பெனி மெடிக்கல் காப்பீடு

என் பழைய கேள்வி: “ராஜினாமா பண்ணிட்டேன். கம்பெனி காப்பீட்டை அப்படியே என் பேருக்கு மாத்திக்க முடியுமா? எனக்கு பிரஷர் இருக்கு.”

மாற்ற முடியவில்லை. எங்கள் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிகிறது. தனிநபர் பாலிசியாக மாற்றும் வசதி அதில் இல்லை.

12 மாதம் தானாகத் தொடரும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பாதி சரி. டி.எம்.ஐ.எஸ் என்ற மாற்றத்தக்க திட்டத்தை முதலாளி வாங்கியிருந்தால்தான் அது. எச்.ஆரில் கேட்டேன், எங்களுடையது சாதாரணக் குழுக் காப்பீடு.

காப்பீட்டு ஆலோசகரான அக்கா ஒருவர் தெளிவாகச் சொன்னார். நான் நிரந்தரவாசி, ஆகவே அரசின் அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் வேலையோடு சம்பந்தமில்லாமல் ஆயுள் முழுக்க இருக்கும். பிரஷரும் அதில் அடக்கம். ஆனால் அதன் வரம்புகள் அரசு மருத்துவமனையின் மானிய வார்டுகளான பி2, சி வார்டுகளை வைத்துப் போடப்பட்டவை. தனியார் மருத்துவமனைக்குப் போனால் பில்லில் சிறு பங்குதான் அதிலிருந்து வரும்.

அதற்கு மேல் வேண்டுமானால், தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிஷீல்டு லைஃபோடு கூடுதல் பகுதி சேர்த்துத் தரும் இன்டகிரேட்டட் ஷீல்டு திட்டம். விண்ணப்பத்தில் பிரஷரை அறிவிக்க வேண்டும். கூடுதல் பகுதியில் நிறுவனம் அதை விலக்கலாம், விண்ணப்பத்தையே மறுக்கவும் செய்யலாம். குழுக் காப்பீட்டில் இத்தனை வருடம் இருந்தது இங்கே கணக்கில் வராது. அதனால் கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை.

இந்தியாவில் பாலிசியை வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்வது பற்றிக் கேட்ட தம்பிக்கு: அது வேறு கதை, அங்குள்ள விதிகள் இங்கே செல்லாது.

என் மனைவி நீண்டகால வருகை பாஸில் இருக்கிறாள், மெடிஷீல்டு லைஃப் அவளுக்குக் கிடையாது. அவளுக்குத் தனி பாலிசி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.