40ஐ டிலீட் பண்ணினா 60 மேல ஏறக்கூடாதா? ட்ரீ கீறி 0 வாங்கினன், உதவி பண்ணுங்க

உப்புவெளிப் பொடியன்

வணக்கம். டவுனில ஒரு கிளாஸுக்கு போறன், போன கிழமை டெஸ்டில வந்த கேள்வி இது. 40, 20, 60, 10, 30, 50, 70, 45, 55, 48 இதே ஓர்டரில பைனரி சேர்ச் ட்ரீக்குள்ள போட்டு கீறு, பிறகு 40ஐ டிலீட் பண்ணி திரும்ப கீறு. முதல் படம் சரி எண்டு போட்டிருக்கு:

```
          40
        /    \
      20      60
     /  \    /  \
   10   30  50   70
           /  \
         45    55
           \
            48
```

ரெண்டாவதுக்கு 0. 40 போனா அதுக்கு கீழ இருக்கிற 60 தானே ஏறணும், ஏத்தினன், ஆனா 60க்கு இடப்பக்கம் ஏற்கனவே 50 இருக்கு, 20க்கும் அந்த இடம் தான் வேணும், அதால 20ஐ அங்க வச்சிட்டு 50ஐ பிள்ளைகளோட அப்பிடியே கழட்டி 30க்கு வலப்பக்கம் தொங்க விட்டன்:

```
        60
       /  \
     20    70
    /  \
  10    30
          \
           50
          /  \
        45    55
          \
           48
```

சேர் சிவப்பு பேனையால குறுக்க வெட்டி "சக்சஸர்?" எண்டு மட்டும் எழுதியிருக்கார். கேக்க போனா அடுத்த பட்ச் வந்து இருந்திட்டுது. எங்க பிழை?

டொக்யார்ட் ரோட்

தம்பி, பிஎஸ்டி ரூலே உடைஞ்சு போச்சு, 20க்கு கீழ 50 எப்பிடி வரும். 40க்கு அடுத்த பெரிய நம்பர் தான் மேல வரணும். வலப்பக்கம் ஒரு தரம் இறங்கு, பிறகு இடப்பக்கம் போகேலாம போகும் வரை இறங்கிக்கொண்டே இரு, 45ல நிப்பாய். 40 இருந்த இடத்தில 45 எண்டு எழுதிட்டு கீழ இருக்கிற 45ஐ அழிச்சு விடு, அவ்வளவு தான். சக்சஸர் எப்பவும் இலை தானே.

மழைக்கால மடிகணினி

முதல்ல பலன்ஸ் ஃபக்டர் பாத்தீங்களா? 60ல இடப்பக்கம் பாரம் கூடிட்டு, ஒரு ரைட் ரொட்டேஷன் போட்டா சரி வரும். எங்களுக்கு ஏவிஎல்ல இப்பிடித்தான் தந்தவை.

உப்புவெளிப் பொடியன்

ஏவிஎல் இல்ல அண்ணா, சும்மா பிஎஸ்டி. ரொட்டேஷன் இன்னும் படிப்பிக்கவே இல்ல.

பழைய கொப்பி

டொக்யார்ட் தம்பி சொன்னதில பாதி சரி, பாதி பிழை. பொடியன்ட படத்தில ரூல் உடையல. 50 இருக்கிறது 20க்கு *வலப்பக்கத்தில*, 30க்கும் வலப்பக்கத்தில, 60க்கு இடப்பக்கத்தில. இன்ஓர்டரில வாசிச்சு பாருங்க, 10 20 30 45 48 50 55 60 70 எண்டு ஒழுங்கா வருது. அப்ப அது உண்மையான பிஎஸ்டி தான். இதுவும் ஒரு டிலீட் முறை, ரெண்டு துண்டை ஒட்டுற முறை.

ஆனா என்ன நடந்திருக்கு பாருங்க. முதல் மரத்தில ரூட்டில இருந்து ஆக ஆழமான 48க்கு 4 கோடு. உங்கட ரெண்டாவதில 60, 20, 30, 50, 45, 48, அதாவது 5 கோடு. ஒரு நோட் குறைஞ்சும் மரம் நீண்டு போச்சு. ஒரு முழு துண்டை தூக்கி இன்னொண்டுட அடியில கட்டினா இப்பிடித்தான் நீளும், அதால தான் வகுப்பில வேற முறை சொல்லித் தாறது.

இப்ப 45. அது இலை இல்ல, அதுக்கு வலப்பக்கம் 48 இருக்கு. 45ஐ அழிரப்பரால அழிச்சிட்டு விட்டா 48 காத்தில தொங்கும், பேப்பர் திருத்துறவை முதல்ல பாக்கிறது அந்த இடத்தைத் தான். சக்சஸருக்கு இடப்பிள்ளை இருக்கவே இருக்காது, இருந்தா அது தானே சக்சஸர், ஆனா வலப்பிள்ளை இருக்கலாம். அதை 45ட இடத்துக்கு ஏத்தணும், அதாவது 50க்கு இடப்பிள்ளையா:

```
          45
        /    \
      20      60
     /  \    /  \
   10   30  50   70
           /  \
         48    55
```

முதல் படத்தோட பக்கத்தில வச்சு பாருங்க, மாறினது ரெண்டே ரெண்டு இடம், ரூட்டில நம்பர், 50க்கு கீழ 48. 20ட பக்கம் ஒண்டுமே அசையல. ஆழம் இப்ப 3.

இடப்பக்கத்தில ஆகப் பெரியதை, அதாவது 30ஐ, மேல எடுத்தாலும் சரி தான். அப்ப 20க்கு 10 மட்டும் மிஞ்சும், வலப்பக்கம் 45, 48 எல்லாம் இருந்த மாதிரியே இருக்கும், ஆழம் 4. எது எண்டு கேள்வியில சொல்லாட்டி ரெண்டும் ஏற்கணும்.

டொக்யார்ட் ரோட்

48ஐ நான் பாக்கவே இல்ல அக்கா. கிளாஸில தந்த உதாரணம் எல்லாத்திலயும் சக்சஸர் இலையாத் தான் இருந்தது, அதில பழகிட்டன்.

கோணேசர் மான்

இழையை திருப்புறதுக்கு மன்னிக்கணும், ஆனா எனக்கும் இதே மரம், அசைன்மென்ட், பைதனில. 40ஐ டிலீட் பண்ணினா சரியா வருது, 20ஐ டிலீட் பண்ணினா மட்டும் 10 30 30 40 எண்டு 30 ரெண்டு தரம் பிரிண்ட் ஆகுது. ரெண்டு பிள்ளை இருக்கிற கேஸுக்கு என்ட கோட்:

```python
s = node.right
while s.left:
    s = s.left
node.key = s.key
delete(node.right, s.key)
```

மற்ற கேஸ் எல்லாம் சரி. இரவு கரண்ட் போற வரைக்கும் இருந்து பாத்தன், பிடிபடல.

பழைய கொப்பி

கடைசி வரி தான். `delete` திருப்பித் தாற மரத்தை நீங்க வாங்கவே இல்ல.

```python
node.right = delete(node.right, s.key)
```

40ல ஏன் தப்பினது எண்டா, அங்க 45 மூண்டு படி கீழ இருக்கு, உள்ளுக்க போற அழைப்பு `node.left = ...` எண்டு தானாவே 50க்கு கீழ 48ஐ கோத்து விட்டுது. 20க்கு சக்சஸர் அதுட வலப்பிள்ளை 30 தானே, நேர கீழ. அதை வெட்டி விட வேண்டிய ஆள் 20ட நோட், அது தான் வாங்காம விட்டுட்டுது. வலப்பிள்ளையே சக்சஸரா வாற மரத்தில ஒரு தரமாவது ஓட்டிப் பாக்காட்டி இந்த பிழை வெளிய வராது.

கோணேசர் மான்

வந்திட்டுது அக்கா!! ஒரு `node.right =` க்கு ரெண்டு இரவு போச்சு.

உப்புவெளிப் பொடியன்

இப்ப விளங்குது. ஒரு சந்தேகம், டிலீட் பண்ணின 40ஐ திரும்ப போட்டா பழைய மரம் வருமா எண்டு கீறிப் பாத்தன், வரல, 45க்கு சின்னது, 20க்கு பெரிசு, 30க்கும் பெரிசு, போய் 30க்கு வலப்பக்கம் இருந்திட்டுது. அது சரியா?

பழைய கொப்பி

சரி தான். புதுசா வாறது எப்பவும் அடியில தான் போய் இருக்கும், ரூட்டுக்கு திரும்ப போக வழி இல்ல. டிலீட் பண்ணுற ஓர்டர் மாறினாலும் மரம் மாறும். 2, 1, 4, 3 போட்டு கீறுங்க. முதல்ல 1, பிறகு 2 டிலீட் பண்ணினா 4 ரூட், இடப்பக்கம் 3. முதல்ல 2, பிறகு 1 எண்டா 3 ரூட், வலப்பக்கம் 4. இந்த சக்சஸர் முறை 1962ல ஹிபார்ட் எழுதினது, இண்டைக்கும் அதைத் தான் கீறிக்கொண்டு இருக்கிறம்.

மழைக்கால மடிகணினி

அப்ப தம்பிட படம் பிஎஸ்டி தானே, 0 போட்டது அநியாயம். கேள்வியில சக்சஸர் எண்ட சொல்லே இல்ல. ஒரு மார்க்காவது தரணும்.

டொக்யார்ட் ரோட்

ஸ்கீமில இருக்கிறதுக்கு தான் மார்க்ஸ். ஒட்டுற முறை அவர் படிப்பிக்கல எண்டா எப்பிடி தருவார்.

உப்புவெளிப் பொடியன்

சனிக்கிழமை கிளாஸ். இன்ஓர்டரை பக்கத்தில எழுதி பேப்பரை கொண்டு போறன், தந்தா வந்து சொல்லுறன்.