புதுப்பிப்பு: பாடும்போது என் குரல் தாமதமாகக் கேட்பது பற்றி

"ஹெட்போனில் என் குரல் பிந்திக் கேட்கிறது; பஃபரைக் குறைத்தால் படபடவென்று இரைச்சல் வருகிறது. என்ன செய்வது?"

48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் என்றால் குரல் உள்ளே வர ஏறத்தாழ 10.7 மில்லிவினாடியும் வெளியே போக மீண்டும் அவ்வளவும் ஆகும் என்று ஒலிப்பதிவாளர் ஐயா விளக்கியது சரியாக இருந்தது. அதே பஃபரில் சாம்பிள் ரேட்டை 96 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் தாமதம் பாதியாகும் என்று தம்பி சொன்னதும் உண்மையே. ஆனால் பிராசசரின் சுமை கூடி, அந்த இரைச்சல் உடனே திரும்பியது. புளூடூத் ஹெட்போன் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: அந்தத் தாமதம் புளூடூத் இணைப்பிலேயே உண்டாவதால் பஃபரைக் குறைத்துத் தீராது, வயருள்ளதே வேண்டும்.

ஆடியோ இன்டர்ஃபேஸில், குரலைக் கணினி வழியே சுற்றவிடாமல் நேரே ஹெட்போனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டரிங்கை இயக்கி, மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை அணைத்ததும், 512-இலேயே குரல் உடனுக்குடன் கேட்கிறது. இரண்டையும் இயக்கி வைத்தால் குரல் இரட்டையாக ஒலிக்கும். பாடும்போது ரிவெர்ப் கேட்பதற்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை.