4.7 கே போட்டா எல்லா ஐ2சி-யும் ஓடுமா?

நிலவன்77: ஈஎஸ்பி32, 3.3 வோல்ட், 400 கிலோஹெர்ட்ஸ். ஒரு மீட்டர் ஒயரில் 2 சென்சார். புல்-அப் 4.7 கே, மாட்யூலில் வேறு எதுவும் இல்லை. 10எக்ஸ் ப்ரோப்பில் ரைஸ் டைம் 940 நானோ செகண்ட், நடுநடுவே நாக் விழுகிறது. "4.7 கே போட்டா எந்த ஐ2சி-யும் ஓடும்"னு இங்கே ஒருத்தர் எழுதியிருக்கார். சரியா?

சாலிடர்சாமி: அந்த ஒருத்தர் நான்தான். இப்பவும் அதேதான் சொல்றேன். ஒயரைப் பாருங்க, ரெசிஸ்டர் மேல பழி போடாதீங்க.

ஓம்கணக்கன்: "எந்த ஐ2சி-யும்" என்கிற தைரியம் எங்கிருந்து வருதுன்னு தெரியலை. 400 கிலோஹெர்ட்ஸுக்கு ரைஸ் டைம் 300 நானோ செகண்டைத் தாண்டக் கூடாது.

சாலிடர்சாமி: 940 எங்கே, 300 எங்கே! நீங்க சொல்றபடி பார்த்தா இவர் பஸ் ஓடவே கூடாதே? எப்பவாவதுதானே நாக் வருது?

ஓம்கணக்கன்: ஸ்கோப் தானா காட்டுற எண் 10-லிருந்து 90 சதவீதம் வரைக்கும். ஐ2சி கேட்பது 30-லிருந்து 70 வரைக்கும், அதாவது 0.99 வோல்ட்டிலிருந்து 2.31 வோல்ட் வரை. கர்சரை அங்கே வெச்சு அளங்க, சுமார் 362 வரும். கணக்கு இதுதான்:

```
t(10-90) = 2.2 × R × C
t(30-70) = 0.8473 × R × C
```

940-ஐயும் 4.7 கே-யையும் போட்டா மொத்தம் 91 பிக்கோஃபாரட். ப்ரோப்புக்கு 12 கழிச்சா பஸ்ஸில் 79. அப்ப உண்மையான ரைஸ் டைம் 315. 300-ஐத் தாண்டுது, புல்-அப்பை 3.3 கே-க்குக் குறைங்க.

சாலிடர்சாமி: ஆக மொத்தம் 15 நானோ செகண்டுக்குத்தான் இவ்வளவு பிரசங்கமா?

பேட்டரிபிரியன்: ரெசிஸ்டரைக் குறைக்கச் சொல்றீங்க. பேட்டரியில் ஓடுற பொருளா இருந்தா 10 கே போடுங்க. லோ ஆகும்போது 0.33 மில்லியாம்ப்தான். நான் அப்படித்தான் வெச்சிருக்கேன், நல்லா ஓடுது.

ஓம்கணக்கன்: உங்க பஸ் 100 கிலோஹெர்ட்ஸா இருக்கும். அங்கே 1000 நானோ செகண்ட் வரை அனுமதி. இவர் ஒயரில் 10 கே போட்டா 670. அப்புறம், லைன் லோவில் இருக்கும்போது மட்டும்தான் கரண்ட் ஓடும், சும்மா இருக்கும்போது பஸ் ஹை. செகண்டுக்கு ஒரு தடவை, 1 மில்லிசெகண்ட் படிச்சா, 3.3 கே-யில் இரண்டு லைனும் சேர்ந்து சராசரி 1 மைக்ரோஆம்ப். 10 கே போட்டு மிச்சம் பிடிப்பது அதில் முக்கால் கூட இல்லை. அதுக்காக 100-க்கு இறங்கினா ஈஎஸ்பி32 நாலு மடங்கு நேரம் விழிச்சிருக்கணும். அது தின்கிறது மில்லியாம்பில்.

பேட்டரிபிரியன்: நான் ஈஎஸ்பி32-ன்னு சொல்லவே இல்லையே.

ஓம்கணக்கன்: கேள்வி கேட்டவர் சொல்லியிருக்கார்.

வேகவேலு: எதுக்கு இந்தச் சண்டை? 1 கே போட்டுட்டு போங்க. ரைஸ் டைம் 67 ஆயிடும். குறைஞ்சா நல்லதுதானே.

ஓம்கணக்கன்: சிப் லோவுக்கு இழுக்கும்போது 3 மில்லியாம்பில் 0.4 வோல்ட்டுக்குள் வைக்கும், அவ்வளவுதான் உத்தரவாதம். (3.3 − 0.4) / 0.003, அதாவது 967 ஓம். 1 கே விளிம்பில் நிக்குது. யாராவது 10 கே புல்-அப் உள்ள மாட்யூல் ஒண்ணைச் சேர்த்தா 909 ஓம் ஆகி அடியில் போயிடும். லோ 0.4-க்கு மேல ஏறலாம், எந்த சென்சார் இழுக்கத் திணறுதுன்னு ஸ்கோப்பில் பார்த்தாத்தான் தெரியும்.

வேகவேலு: எங்க போர்டுல 4.7 கே உள்ள மாட்யூல் 5 சேர்ந்து 940 ஓம். ஓடிட்டுதானே இருக்கு?

ஓம்கணக்கன்: உத்தரவாதத்தை மீறினா உடனே சாகணும்னு இல்லை. எல்லா சிப்பும் 3 மில்லியாம்போட நிக்காது. அதை நம்பி டிசைன் பண்ணக் கூடாது, அவ்வளவுதான். இவருக்கு மேல் எல்லை 4.48 கே, கீழ் எல்லை 967 ஓம். 3.3 கே போட்டா 221 நானோ செகண்ட், லோவில் லைனுக்கு 1 மில்லியாம்ப். இன்னொரு சென்சார் சேர்த்தாலும் இடம் இருக்கு.

சாலிடர்சாமி: 4.48! 4.7! ரெசிஸ்டர்லயே 5 சதவீதம் வித்தியாசம் வரும். உங்க 12 பிக்கோஃபாரட் 20 ஆனா, 15 நானோ செகண்ட் மாயமாயிடும்.

ஓம்கணக்கன்: ப்ரோப் மேலயே எத்தனைன்னு அச்சடிச்சிருக்கும், படிங்க.

நிலவன்77: 3.3 கே மாத்தினேன். நாக் ரொம்பக் குறைஞ்சது, ஆனா இன்னும் வருது. ஒயரில் எஸ்டிஏ, எஸ்சிஎல் பக்கத்துப் பக்கத்தில் ஓடுது.

சாலிடர்சாமி: ஒயரைப் பாருங்கன்னு முதல் வரியிலேயே சொன்னேன்.

ஓம்கணக்கன்: ஒயரை மாத்தச் சொன்னீங்க, எதுக்குன்னு சொல்லலை. வரிசையை எஸ்டிஏ, விசிசி, கிரவுண்ட், எஸ்சிஎல்னு வைங்க நிலவன். அதுக்கு முன்னாடி எஸ்டிஏ இறங்கும்போது எஸ்சிஎல்லில் பள்ளம் விழுதான்னு இரண்டு ப்ரோப் வெச்சுப் பாருங்க. 4.7 கே-யில் அந்தப் பள்ளம் நிரம்ப இன்னும் நேரமாகும், சாமி சாருக்கு இதையும் சேர்த்துக்கலாம்.

சாலிடர்சாமி: 15 நானோ செகண்டோட இதையும் சேர்த்து ஃப்ரேம் போட்டு மாட்டிக்கிறேன்.

பேட்டரிபிரியன்: 670-ன்னு சொன்னீங்களே, அது ப்ரோப்போடவா ப்ரோப் இல்லாமயா?