1,140 லைக், 9 மெசேஜ்: ஆரி வகுப்புக்கு பூஸ்ட் போட்ட அனுபவம்

ஆரி டீச்சர், கும்பகோணம்

வீட்டு மாடியில் ஆரி வொர்க் வகுப்பு எடுக்கிறேன். ஒரு பேட்சுக்கு எட்டுப் பேர், மாசம் 2,500 ரூபாய் ஃபீஸ். ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னாடி ஒரு பேட்ச் நிரப்பணும்னு, பிளவுஸ் கையில் மயில் போடுற ரீல்ஸை ஃபேஸ்புக்கில் காசு கட்டி பூஸ்ட் பண்ணேன். ஐந்து நாள், மொத்தம் 3,000 ரூபாய். என்ன வேணும்னு கேட்ட இடத்தில் `Get more engagement`. இடம் தமிழ்நாடு. ஆண், பெண் என்பதை அப்படியே விட்டுட்டேன். காபி ஆறுறதுக்குள்ள வேலை முடிஞ்சது.

ஐந்து நாளும் போன் ஓயலை. 1,140 லைக். வீட்டுக்காரர் கூட "பரவாயில்லையே"ன்னார். ஆனா மெசேஜ் வந்தது 9. அதில் நாலு பேர் பிளவுஸ் தச்சுத் தர ரேட் கேட்டாங்க. ஓசூரிலிருந்து ஒருத்தங்க ஆன்லைன் கிளாஸ் இருக்கான்னாங்க. சேர்ந்தது ஒரே ஒரு பொண்ணு. அதுவும் ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பொண்ணு, போர்டைப் பார்த்தே வந்திருக்கும்.

நாத்தனார் மகன் லேப்டாப்பில், விளம்பரத்தை முழுசா நாமே அமைக்கிற ஆட்ஸ் மேனேஜரைத் திறந்து காட்டினான். நான் போட்ட பூஸ்ட் அங்கேயும் ஒரு கேம்பெய்னா உட்கார்ந்திருக்கு, அது எனக்குத் தெரியவே தெரியாது. `Breakdown`-ல் வயசு, பாலினம்னு பிரிச்சுப் பார்த்தா, அதிகமா பார்த்தது 18–24 வயசுப் பசங்க! ஊசியைக் கையில் தொட்டே பார்க்காத கூட்டம். லைக் வேணும்னு நான்தான் கேட்டேன், யார் சட்டுனு லைக் போடுவாங்களோ அவங்ககிட்ட கொண்டுபோய்க் காட்டியிருக்கு.

அடுத்த 3,000 ரூபாயை அங்கேயே வச்சுப் போட்டோம். குறிக்கோள் வாட்ஸ்அப் மெசேஜ். மேப்பில் எங்க தெருவில் பின் குத்தி சுத்துவட்டம் 12 கிலோமீட்டர், பெண்கள், 25–50 வயசு. நாலு வருஷமா படிச்ச 300 பேரோட நம்பரை லிஸ்டாப் போட்டு, இவங்களுக்குக் காட்டாதேன்னு விலக்கினோம். விளம்பரம் ரெண்டு: அதே மயில் ரீல்ஸ், அப்புறம் பாதி முடிஞ்ச பிளவுஸ் கட்டையில் மாட்டியிருக்கிற சாதா போட்டோ. போட்டோவில் ஃபீஸ், நேரம், "மடத்துத் தெரு பக்கம்"னு எழுதியிருந்தேன். 31 மெசேஜ், ஆறு பேர் சேர்ந்தாங்க. 31-ல் 24 போட்டோவுக்கு வந்தது. மயிலுக்கு ரெண்டு நாள் முதுகு வலிச்சதுதான் மிச்சம்.

மொபைல் கடை செந்தில்

நான் அப்பவே சொல்வேன், பூஸ்ட் பட்டனைத் தொடவே கூடாது. அது வெறும் லைக் வாங்கத்தான். ஆட்ஸ் மேனேஜரில் போட்டீங்கன்னா 50 ரிசல்ட் வரணும், அதுவரைக்கும் யாருக்குக் காட்டலாம்னு அது கத்துக்கிற லேர்னிங்தான், எதையும் நம்பாதீங்க. 31 மெசேஜ்லாம் கணக்கிலேயே வராது டீச்சர்.

பதினோரு வருஷ விளம்பரக்காரன்

செந்தில் தம்பி, பாதி சரி. ஒரு வாரத்தில் சுமார் 50 வந்தால் லேர்னிங் முடியும் என்பது உண்மை. ஒரு நாளைக்கு 600 ரூபாய் போடுகிறவருக்கு அது முடியாமலே போகலாம். அதனால் வந்த ஆறு மாணவிகள் பொய்யாகிவிட மாட்டார்கள். விலை கொஞ்சம் ஏறி இறங்கும், அவ்வளவுதான்.

டீச்சரம்மா, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஒரே நேரத்தில் குறிக்கோள், இடம், பாலினம், படம் நாலையும் மாற்றியிருக்கிறீர்கள். பூஸ்டிலேயே மெசேஜ் என்று குறிக்கோள் வைக்கலாம், ஊரையும் பெண்களையும் தேர்ந்தெடுக்கலாம். அப்படிச் செய்திருந்தால் 31-ல் எத்தனை வந்திருக்கும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. குறைந்தது இருபது வந்திருக்கும் என்பது என் ஊகம்.

பூஸ்டில் கிடைக்காதது வேறு. ரெண்டு விளம்பரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டதால்தான் போட்டோ ஜெயிக்கும் என்று தெரிந்தது. பூஸ்ட் என்பது ஏற்கெனவே போட்ட ஒரு பதிவு, அதற்கு ஜோடி கிடையாது. (இதிலும் ஒரு எச்சரிக்கை: காசை அது சமமாகப் பிரிக்காது. முதலிலேயே ஒன்றின் பக்கம் சாய்ந்துவிடும். மயிலுக்கு எவ்வளவு செலவானது என்று பாருங்கள்.)

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிது. ரீல்ஸைப் பாதிக்கு மேல் பார்த்தவர்களை ஒரு கூட்டமாகச் சேர்த்து, அடுத்த முறை அவர்களுக்கே விளம்பரம் காட்டலாம். அவர்களைப் போன்றவர்களைத் தேடித் தரவும் சொல்லலாம். உங்கள் முதல் 3,000 ரூபாய் அந்தக் கூட்டத்தில் யாரைக் கொண்டுவந்து நிறைத்திருக்கிறது? அந்தப் பசங்களை. அந்த ரீல்ஸைப் பார்த்தவர்களை வைத்துப் பார்வையாளர் செய்தீர்களானால், அதே தவறை மறுபடி காசு கொடுத்து வாங்குவீர்கள். மெசேஜ் அனுப்பியவர்கள் போதுமான அளவு சேர்ந்த பிறகு, அவர்களை மட்டும் வைத்துச் செய்யுங்கள்.

நிலா கிரியேஷன்ஸ்

எனக்கு பூஸ்ட் பட்டனை அமுக்கினாலே போகலையே, என்ன பண்றது? பட ரிலீஸ் அன்னைக்கு டிரெண்டிங் பாட்டு வச்சுப் போட்ட ரீல்ஸ். இதைப் பத்தி யாரும் சொல்லவே இல்லை.

பதினோரு வருஷ விளம்பரக்காரன்

அந்தப் பாட்டுதான் காரணம்மா. உரிமை உள்ள பாட்டு வைத்த ரீல்ஸை விளம்பரமாக்க விடாது. உங்கள் குரலிலோ, விளம்பரத்துக்கு அனுமதி உள்ள இசையிலோ மறுபடி போடுங்கள்.

முறுக்கு மாமி, ஸ்ரீரங்கம்

எல்லாரும் ஆட்ஸ் மேனேஜரைத் தலையில் தூக்கி வச்சு ஆடாதீங்கோ. நான் அதில்தான் 4,000 ரூபாய் தொலைச்சேன். சைட்டுக்கு ஆள் வரணும்னு `Traffic` எடுத்தேன், மத்ததெல்லாம் அது சொன்னபடியே விட்டேன். கிளிக் கொட்டித்து. முறுக்கு ஒரு பாக்கெட் போகலை! பேரன் பிரிச்சுப் பார்த்தான், பாதிக்கு மேல கிளிக் `Audience Network`-லேர்ந்து. ஏதோ கேம் ஆப்ல, மூடப் போய் விரல் பட்டவா. சைட் திறக்கிறதுக்குள்ளயே போயிட்டா. இப்போ அந்த இடத்தை எடுத்துட்டு, கிளிக்குக்குப் பதிலா பக்கம் முழுசா திறந்தாத்தான் கணக்குன்னு மாத்தி வச்சிருக்கேன். பூஸ்ட்ல இந்தத் தொல்லை எனக்கு வந்ததே இல்லை.

ஆரி டீச்சர், கும்பகோணம்

மாமி, நாங்க `Audience Network`-ஐ எடுத்தோமான்னே எனக்கு ஞாபகம் இல்லை, பார்க்கணும். பெண்கள்னு போட்டதையும் அது ஒரு யோசனையா மட்டும் எடுத்துக்குமாமே?

பதினோரு வருஷ விளம்பரக்காரன்

ஆமாம். ஆட்களை அதுவே தேடிக்கொள்ளும் `Advantage+ audience` ஓடினால் வயதும் பாலினமும் வெறும் யோசனைதான், தாண்டிப் போகும். கறாராக வேண்டுமென்றால் அதை அணைக்க வேண்டும். `Breakdown` திரும்பப் பாருங்கள், ஆண்கள் எத்தனை சதவீதம் என்று.

வெங்கட், நியூஜெர்சி

ஒரு சின்ன விஷயம். ஐபோன் ஆப்பில் பூஸ்ட் போட்டா ஆப்பிளுக்கு 30% சேர்த்துக் கட்டணும்னு இங்கே 2024 பிப்ரவரியில் கொண்டுவந்தாங்க. சேலை விக்கிற என் தங்கச்சி 100 டாலருக்கு 130 கட்டிட்டு இருந்தா. பிரவுசர்ல போட்டா அது கிடையாது.

ஆரி டீச்சர், கும்பகோணம்

பார்த்துட்டேன். ரெண்டாவது தடவையும் ஆண்கள் 7%. மயிலுக்குச் செலவு 610 ரூபாய், போட்டோவுக்கு 2,390. அப்போ மயிலுக்கு ஒரு மெசேஜ் 87 ரூபாய், போட்டோவுக்கு கிட்டத்தட்ட 100! நான் மயில் தோத்துடுச்சுன்னு நினைச்சுட்டு இருந்தேன். புரட்டாசி பேட்சுக்கு ரெண்டையும் தனித்தனியா, ஆளுக்கு 1,500 வச்சு ஓட விடப் போறேன்.