சத்தமாகப் படித்தால் கடகடவென்று வருகிறது, போனில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. உதவி தேவை

பனியன்_மெர்ச்சன்டைசர் (திருப்பூர்)
பையரிடம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஆங்கிலத்தில் பேச வேண்டிய வேலை. மெயில் எழுதுவதில் பிரச்சினை இல்லை. பேச்சு சரளமாக வரட்டும் என்று மூன்று மாதமாக ஆங்கிலப் பேப்பரின் தலையங்கத்தை தினமும் அரை மணி நேரம் வாய்விட்டுப் படிக்கிறேன். இப்போது தடங்கலே இல்லை. ஆனால் போன வாரம் சாயம் டெஸ்ட்டில் நிற்கவில்லை, சரக்கு நாலு நாள் தாமதம் என்று சொல்லவேண்டி வந்தது. அவ்வளவுதான் விஷயம். "ஆக்சுவலி, ஆக்சுவலி" என்று நாலு தடவை சொல்லிவிட்டு மெயில் போடுகிறேன் என்று வைத்துவிட்டேன். படிக்கிற முறை தப்பா? ஷேடோயிங்குக்கு மாறிவிடவா?

நொய்யல்கரை
வாய்விட்டுப் படிப்பது ஸ்கூல் பசங்களுக்குங்க. ஷேடோயிங்தான் சரி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரெக்கார்டிங்கில் ஆங்கிலம் பேசுகிறவர் பேசப் பேச ஒட்டியே நாமும் பேசினால் போதும். எனக்கு அதில்தான் பேச்சு வந்தது.

கோபி_அம்மா
என் பையன் நாலாவது படிக்கிறான். எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். அவனையும் தினமும் சத்தமாகப் படிக்க வைக்கலாமா?

ஓய்வு_வாத்தியார் (பெருந்துறை)
அம்மணி, பையனுக்குத் தாராளமாக வைக்கலாம். நீங்கள் ஒரு தடவை படித்துக் காட்டி, அதே பத்தியை அவன் மூன்று நாலு தடவை படிக்கட்டும். ஆனால் தம்பியின் சிக்கல் வேறு.

தம்பி, முதலில் இரண்டு சோதனை செய்து பாருங்க. ஒரு பத்தியை வழக்கம்போல் சத்தமாகப் படித்துவிட்டு, பேப்பரை மூடி, அதில் என்ன இருந்தது என்று ஆங்கிலத்தில் சொல்லுங்க. அடுத்தது, நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது திடீரென்று பக்கத்தைக் கையால் மறைக்கட்டும். அதற்கு அப்புறம் எத்தனை சொல் வாயில் வருகிறது என்று எண்ணுங்க. நன்றாகப் படிக்கிறவருடைய கண் வாயை விட நாலைந்து சொல் முன்னால் போய்க்கொண்டிருக்கும்.

பனியன்_மெர்ச்சன்டைசர்
செய்தேன் சார். மூடியதும் தலைப்பு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. வீட்டுக்காரம்மா மறைத்தபோது ஒரே ஒரு சொல் வந்தது. அவங்களுக்கு ஒரே சிரிப்பு.

ஓய்வு_வாத்தியார்
அப்படியென்றால் கண்ணும் வாயும் ஒரே சொல்லில் நிற்கின்றன. எழுத்து ஒலியாகிறது, வழியில் அர்த்தம் தங்குவதில்லை. மனதுக்குள் படிக்கும்போது கண் திரும்பிப் போகும், தேவையில்லாததைத் தாண்டும், அதனால் வேகமும் அர்த்தமும் கிடைக்கும். வாய்க்கு வேலை இல்லை. சத்தமாகப் படிக்கும்போது வாய் பழகுகிறது, ஆனால் சொல்லையும் அதன் வரிசையையும் பேப்பர் கொடுத்துவிடுகிறது. போனில் அந்த இரண்டையும் நீங்களேதான் தேடி எடுக்கவேண்டும். அந்தத் தேடலை மூன்று மாதத்தில் ஒரு நாளும் பழகவில்லை.

தலையங்கத்தை விட்டுவிடுங்க. அந்த வாக்கியத்தை எவரும் வாயால் பேசுவதில்லை. நீங்கள் அனுப்பிய மெயிலையே எளிதாக்கி எழுதி, மூச்சு விடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்க:

வீ ஹேட் டு ரீடை த ஃபேப்ரிக் / பிகாஸ் த கலர் ஃபாஸ்ட்னஸ் டெஸ்ட் ஃபெயில்ட் / ஸோ த ஷிப்மென்ட் வில் பி ஃபோர் டேஸ் லேட்.

முதல் துண்டை வாய் திறக்காமல் பாருங்க. தலையை நிமிர்த்தி, எதிரே இருக்கிற ஆளிடம் சொல்வதுபோல் சுவரைப் பார்த்துச் சொல்லுங்க. மறந்தால் மறுபடி குனிந்து பார்க்கலாம். கண் தாளில் இருக்கும்போது வாய் பேசக்கூடாது, அதுதான் விதி. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்பவர் சொன்ன முறை இது. மூன்றாம் நாள் நாலை ஆறாக்குங்க, சாயத்துக்குப் பதிலாக பட்டன் வரவில்லை என்று மாற்றுங்க. தாள் இல்லாமல் அது வந்தால் போனிலும் வரும். பன்னிரண்டு நிமிடம் போதும், அரை மணி நேரத்தில் தொண்டைதான் கட்டும்.

நொய்யல்கரை
அப்போ ஷேடோயிங் வேண்டாமா?

ஓய்வு_வாத்தியார்
அதற்கு வேறு வேலை இருக்கிறது. அங்கே தாள் இல்லை, காது முன்னால் போகிறது, வாய் ஒரு நொடி பின்னால் வருகிறது. காது பழகும், அழுத்தம் விழுகிற இடமும் பிடிபடும். தனியாகச் சத்தமாகப் படிக்கிறவருக்கு அதைத் திருத்த ஆளே இல்லை. ஒரு சொல்லைத் தப்பாகவே தொண்ணூறு நாள் சொன்னால் தப்புத்தான் கெட்டியாகும். ஆனால் அர்த்தம் புரியாமலும் ஷேடோயிங் செய்துவிடலாம், கிளி மாதிரி. உங்களுக்குப் பேச்சு வந்தது அதனால் மட்டும்தானா, வேறு எங்கும் பேசவே இல்லையா?

நொய்யல்கரை
கோயம்புத்தூரில் இரண்டு வருடம் கால் சென்டரில் இருந்தேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆனாலும் காதில் விழாத ஒன்று வாயில் வராது என்பது என் கட்சி.

பனியன்_மெர்ச்சன்டைசர்
ஐந்து நாள் ஆச்சு சார். மறைத்தால் இப்போது மூன்று சொல் வருகிறது. பட்டன் வாக்கியம் தாள் இல்லாமல் வந்தது. ரெக்கார்ட் போட்டுக் கேட்டால் "டெவலப்மென்ட்"டில் முதல் எழுத்தையே அழுத்துகிறேன், "வெ"வில் அழுத்தவேண்டுமாம். இத்தனை நாளும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன் போல. நேற்று பையர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன், ஆனால் அவர் நடுவில் குறுக்கே பேசியதும் மறுபடி "ஆக்சுவலி" வந்துவிட்டது. அதற்கு என்ன செய்வது?

ஓய்வு_வாத்தியார்
அதைச் சுவர் சொல்லித் தராது தம்பி. வீட்டுக்காரம்மாவைத் துண்டுக்கு நடுவில் "வொய்?" என்று குறுக்கே கேட்கச் சொல்லிப் பாருங்க.